பிரிநிலை ஏகாரமும் சனியின் வளையமும்

‘குழந்தைக்குத்தானே, இவ்வளவு போதாதா?’ என்ற கேள்வியை இதுவரை எத்தனை பேரிடமிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்பவர்கள் நல்லவர்கள். பிள்ளைகளுக்கு ஏதேனும் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள். அதனாலேயே இந்தக் கேள்வியின்மீது எனக்குக் கோபம் அதிகம்.

ஓசூர் சிப்காட் பகுதியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். அவருடைய மகளுக்கு ஆறு வயது. தொழிற்சாலை விளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் எங்கள் ஊர் வானத்தில் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கரைந்துபோய்விட்டன. வெள்ளியும் வியாழனும் மட்டும் இன்னும் தாக்குப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக் காட்டி மகள் ஏதோ கேட்டிருக்கிறாள். நண்பர் பொறுப்பான மனிதர். கோள்களைப் பற்றி ஒரு வார இதழ் இணைப்பில் வந்திருந்த கட்டுரையைத் தேடி எடுத்து, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பிலும் உட்கார்ந்து, அதை மகளுக்காகச் சுருக்கி எழுதியிருந்தார். அவர் அனுமதியுடன் அதை அப்படியே தருகிறேன்:

‘சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்கள் வரிசையாக நிற்கின்றன. புதன் சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுதான் மிகவும் சூடான கோள். தள்ளிப்போகப் போகக் குளிர் அதிகமாகும். சனிக்கு மட்டும் வளையம் உண்டு. புளூட்டோ ரொம்பச் சின்னது. அதனால் அதைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.’

நான் அந்தக் கட்டுரையையும் வாங்கிப் படித்தேன். கட்டுரையில் பிழை இல்லை. சுருக்கத்தின் ஐந்து கருத்துகளில் பிழையில்லாதது ஒன்றும் இல்லை. இது எப்படி நேர்கிறது என்பதுதான் என் கவலை. நண்பர் கட்டுரையிலிருந்து எடுத்த செய்திகளில் தவறு இல்லை. கட்டுரையில் இல்லாத சில சிறு சொற்களை அவர் சேர்த்திருக்கிறார்: ‘இருப்பதால்’, ‘அதுதான்’, ‘மட்டும்’, ‘அதனால்’. சுருக்கும்போது நாம் வெட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்காக நம்மை அறியாமல் பசையைப் பூசுகிறோம். பிழை முழுவதும் அந்தப் பசையில் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் ஏகாரத்துக்கு இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம் என்று பெயர். ‘சனி வளையமுடையது’ என்பது ஒரு செய்தி. ‘சனியே வளையமுடையது’ என்பது எட்டுக் கோள்களைப் பற்றிய செய்தி. முதல் வாக்கியத்தைச் சொல்லச் சனியைப் பார்த்தால் போதும். இரண்டாவதைச் சொல்ல மற்ற ஏழையும் பார்த்திருக்க வேண்டும். இன்றைய பேச்சில் அந்த ஏகாரத்தின் வேலையைத் ‘தான்’ என்பதும் ‘மட்டும்’ என்பதும் செய்கின்றன. ஓர் எழுத்து, ஓர் அசை. அதைக் குழந்தைக்குப் புரியட்டும் என்று சேர்த்துவிடுகிறோம்.

இந்த ‘மட்டும்’ எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம். 1977ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்து போகவிருந்தது. அப்படிக் கடக்கும்போது விண்மீனின் ஒளி எப்படி மறைகிறது என்று அளந்தால் கோளின் அளவையும் அதன் வளிமண்டலத்தையும் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கக் குழு ஒன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த விமானத் தொலைநோக்கியிலிருந்து பார்த்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்தார்கள். கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டது. அங்கே ஏதோ மறைத்திருக்கிறது.

காவலூர்க்காரர்கள் முதலில் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி அறிவித்தார்கள். விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கோளின் ஒருபுறம் ஐந்து முறை ஒளி குறைந்தது. மறுபுறமும் அதே தொலைவுகளில் மீண்டும் குறைந்தது. இருபுறமும் ஒரே மாதிரி ஐந்து துணைக்கோள்கள் நிற்க முடியாது. வளையங்கள் என்றால் முடியும். பல இடங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது காவலூரில் மறைத்ததும் ஒரு வளையம் என்று தெளிவாயிற்று. 1979இல் வாயேஜர் விண்கலம் வியாழனுக்கும் வளையம் இருப்பதைக் காட்டியது. 1989இல் நெப்டியூனின் வளையங்கள் படமாகவே வந்துவிட்டன. நான்கு பெருங்கோள்களுக்கும் வளையம் உண்டு. சனியின் வளையம் பளிச்சென்ற பனிக்கட்டித் துண்டுகளால் ஆனது. ஆகவே சிறிய தொலைநோக்கியிலேயே தெரிகிறது. யுரேனஸின் வளையங்கள் கரியைப் போல இருண்டவை, ஒல்லியானவை.

ஆறு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யுரேனஸின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். ‘சனிக்கு அழகான வளையங்கள் உண்டு’ என்று நிறுத்தினால் போதும். அந்த வாக்கியம் 1977க்கு முன்பும் உண்மை, இன்றும் உண்மை. ‘மட்டும்’ சேர்த்த வாக்கியத்தை ஜவ்வாது மலையில் இருந்தவர்களும் சேர்ந்து பொய்யாக்கி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அதை ஓசூரில் உட்கார்ந்து குழந்தையின் நோட்டில் எழுதுகிறோம்.

இனி புதன். ‘பக்கத்தில் இருப்பதால் சூடு அதிகம்’ என்பது அடுப்பங்கரை அறிவு. அடுப்பைப் பொறுத்தவரை சரியும்கூட. கட்டுரை சொன்னது இரண்டு தனிச் செய்திகள்: புதன் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, அதன் பகல் 430 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கிறது. நண்பர் இரண்டையும் ‘இருப்பதால்’ என்று முடிச்சுப் போட்டு, ‘அதுதான் மிகவும்’ என்று மகுடமும் சூட்டினார். அதே கட்டுரையின் அடுத்த பத்தியில் வெள்ளியின் தரை 460 டிகிரிக்கும் மேல் என்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். ‘குழப்புமேன்னு விட்டுட்டேன் சார்’ என்றார். கோள்களைப் பற்றிய அந்தக் கட்டுரையிலேயே சுவையான இடம் அதுதான். குழப்புகிறது என்பதாலேயே சுவையானது.

வெள்ளி சூரியனிலிருந்து புதனைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தொலைவில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் வெயில், ஒரே பரப்பில், புதனுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிடைப்பதிலும் நான்கில் மூன்று பங்கை வெள்ளியின் மேகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அது நம் கண்ணுக்கு அத்தனை பிரகாசமாகத் தெரிவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கணக்குப் போட்டால் வெள்ளி உண்மையில் வாங்கிக்கொள்ளும் வெயில் பூமி வாங்கிக்கொள்வதைவிடவும் குறைவு. ஆனாலும் அங்கே ஈயம் உருகும். வெள்ளியைச் சுற்றியுள்ள வளிமண்டலம் பெரும்பாலும் கரியமிலவாயு. அதன் அழுத்தம் நம்முடையதைப்போல 90 மடங்குக்கும் அதிகம். உள்ளே வந்த வெப்பம் அதைத் தாண்டி வெளியேறுவது பெரும்பாடு. புதனுக்கோ அப்படிப் பெயர் சொல்லும்படியான வளிமண்டலமே இல்லை. பகலில் கொதித்த அதே நிலம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரிக்குப் போய்விடுகிறது. தொலைவும் ஒரு காரணம்தான். காற்று அதைவிடப் பெரிய காரணமாக இருக்க முடியும். இதுதான் செய்தி. ‘தள்ளிப்போகப் போகக் குளிர்’ என்ற மூன்றாவது வாக்கியம் வெள்ளியிடமே விழுந்துவிடுகிறது.

இதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் மிகுந்த உற்சாகத்துடன் பசுமைக்குடிலை இழுத்தார். ஓசூரைச் சுற்றி ரோஜா வளர்க்கும் பாலித்தீன் குடில்கள் நிறைய உண்டு. குழந்தை பார்த்திருக்கிறாள். ‘பசுமைக்குடில் விளைவு’ என்று பாடநூல்களும் சொல்கின்றன. கண்ணெதிரே உதாரணம் இருக்கும்போது விடலாமா?

விட வேண்டும் என்றேன். குடிலுக்குள் சூடாவது முக்கியமாக உள்ளே சூடான காற்று மேலேறித் தப்ப முடியாததால். குடில்காரர்கள் பக்கத்துத் திரையைச் சுருட்டிவிட்டால் உடனே சூடு இறங்கிவிடுவதைத் தினமும் பார்க்கிறார்கள். வெள்ளியில் நடப்பது வேறு. அங்கே கூரை இல்லை. தரையிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைக் கரியமிலவாயு வழியில் விழுங்கி, ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி உமிழ்கிறது. இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பற்றிய சந்தேகம் புதிதல்ல. 1909லேயே ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் கண்ணாடி மூடிய பெட்டியையும், வெப்பக் கதிரைத் தடுக்காத இந்துப்பு மூடிய பெட்டியையும் வெயிலில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாவதைக் காட்டினார். பெயர் நிலைத்துவிட்டது. அறிவியலாளர்கள் அதை ஒரு பெயராக மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு ஆபத்தில்லை. குழந்தை அதை உதாரணமாக எடுத்துக்கொள்வாள். பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்த பாலித்தீனை வெள்ளியின் தலையில் கட்டிவிட்டு, ‘அதைச் சுருட்டிவிட்டால் என்ன?’ என்று கேட்பாள். நியாயமான கேள்வி.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். எழுதிய வாக்கியத்திலிருந்து ஒரு புத்திசாலிக் குழந்தை அடுத்து என்ன முடிவுக்கு வருவாள் என்று யோசிக்கிறேன். சரியாக யோசித்தும் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் குற்றம் என் வாக்கியத்தினுடையது. புளூட்டோ வாக்கியத்தை இதில் போட்டுப் பாருங்கள். ‘சின்னது, அதனால் எடுத்துவிட்டார்கள்.’ அப்படியானால் மிகச் சிறிய கோளான புதனை அடுத்து எடுப்பார்களா? வியாழனின் துணைக்கோளான கனிமீட் புதனைவிடப் பெரியதாயிற்றே, அதைக் கோளாக்குவார்களா? 2006 ஆகஸ்ட் 24 அன்று ப்ராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் முடிவெடுத்தபோது காரணம் உருவத்தின் சிறுமை அன்று. புளூட்டோ சுற்றும் வட்டாரத்தில் அதைப் போன்ற பொருள்கள் பல இருக்கின்றன, தன் பாதையைத் தன் ஆளுகைக்குள் அது கொண்டுவரவில்லை என்பதுதான். தமிழில் நாம் வைத்திருக்கும் ‘குறுங்கோள்’ என்ற பெயரும் இந்த விஷயத்தில் நமக்கு உதவவில்லை, அளவையே சுட்டுகிறது. வகுப்பிலேயே உயரம் குறைந்த பெண்ணுக்குச் சின்னதாக இருந்ததால் விரட்டிவிட்டார்கள் என்று கதை சொல்வதிலுள்ள கொடுமையை நண்பருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் விடவுமில்லை. ‘சார், வளர்ந்ததும் அவளே திருத்திக்கமாட்டாளா?’ என்றார். இந்தத் தரப்புக்கு மேலைநாட்டிலும் ஆதரவாளர்கள் உண்டு. கல்வியில் ‘குழந்தைகளுக்கான பொய்’ தவிர்க்க முடியாத படிக்கட்டு என்று வாதிடுபவர்கள். ஏறிப் போனபின் படிக்கட்டைத் தள்ளிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. தள்ளிவிடுகிறார்களா? 1987இல் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாளன்று அங்கியோடு நின்றவர்களிடம் கோடை ஏன் வருகிறது என்று கேட்டார்கள். பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் என்று தயக்கமின்றிப் பதில் வந்தது. அடுப்பங்கரை அறிவேதான். ஆறு வயதில் நுழைந்தது, பட்டம் வாங்கியும் வெளியேறவில்லை.

ஓசூர்க் குழந்தைக்கு இதை மறுக்க ஹார்வர்டு தேவையில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அப்போதுதான் எங்கள் ஊரில் பிள்ளைகள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பள்ளிக்குப் போகிறார்கள். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். ஒரு பிழையான வாக்கியம் குழந்தை தன் உடம்பில் உணர்ந்த குளிரையே பொய்யென்று சொல்லவைக்கிறது. உணர்ந்ததைவிட்டு எழுதியதை நம்பு என்று பழக்குகிறது. படிக்கட்டுவாதிகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

‘வரிசையாக நிற்கின்றன’ என்பது மிச்சம். அது கட்டுரையின் படத்திலிருந்து வந்தது. எல்லாப் பாடநூல் படங்களிலும் கோள்கள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைப் போல ஒரே இடைவெளியில் நிற்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் சூரியனை வைத்தால், நெப்டியூன் கிருஷ்ணகிரி எல்லையில் நிற்கும்படி அளவைச் சுருக்கிக்கொள்ளலாம். சூரியன் நான்கு மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள உருண்டை. பூமி ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், நன்கு விளைந்த பெங்களூரா மாம்பழத்தின் நீளமே குறுக்களவாக இருக்கும். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் ஏறத்தாழ முதல் இரண்டரைக் கிலோமீட்டருக்குள், ஊர் எல்லையைத் தாண்டாமலே முடிந்துவிடும். வியாழன் எட்டரைக்குச் சற்று அப்பால், சனி ஏறத்தாழ பதினாறில். யுரேனஸைப் பார்க்கச் சூளகிரியையும் தாண்ட வேண்டும். மீதியெல்லாம் வெறும் சாலை. நண்பர் வாரந்தோறும் மாமனார் வீட்டுக்குப் போகும் வழி. பேருந்தில் குழந்தைக்கு இதைச் சொல்லலாம். ஆனால் இந்தச் சாலையும் ஒரு பொய்யை ஒளித்து வைத்திருக்கிறது. கோள்கள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதில்லை. ஒன்று கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும்போது இன்னொன்று பெங்களூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். அதையும் பேருந்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாலைகள் உட்கார்ந்து சுருக்கத்தைத் திருத்தி எழுதினோம். பெரும்பாலும் நீக்கல்தான். கடைசியில் நின்றது இது:

‘சூரியனை எட்டுக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் பாதையில் சுற்றுகிறது. நாம் இருக்கும் பூமியும் ஒரு கோள். சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். ஆனால் அதைவிட வெள்ளியில் சூடு அதிகம். வெள்ளியைச் சுற்றி மிகக் கனமான காற்று இருக்கிறது. அது நாம் மூச்சுவிடும் காற்று அல்ல. அது வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. சனிக்கு அழகான வளையங்கள் உண்டு. புளூட்டோவை முன்பு கோள் என்றார்கள். அதைப் போன்றவை அந்தப் பக்கம் இன்னும் பல இருப்பது பிறகு தெரிந்தது. அவற்றுக்கு இப்போது வேறு பெயர்.’

வாக்கியங்கள் முன்பைவிடச் சிறியவை. சொற்கள் எதுவும் கடினமானவை அல்ல. முதல் சுருக்கத்தைவிட எண்ணிக்கையில் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘ஆனால்’ என்ற சொல் வரும் இடத்தில் குழந்தை நிமிர்ந்து பார்த்தாள் என்று நண்பர் தொலைபேசியில் சொன்னார். ‘அந்தக் காத்து அங்க எப்படிப்பா வந்துச்சு?’ என்று கேட்டிருக்கிறாள். எரிமலைகள் என்று ஒரு பதில் இருக்கிறது. முழுக் கதை அறிவியலாளர்களுக்கே இன்னும் தெளிவாகத் தெரியாது. அதையே அவளிடம் சொல்லுங்கள் என்றேன். ‘அப்பாவுக்குத் தெரியலைன்னு சொல்லலாம் சார், விஞ்ஞானிக்கே தெரியலைன்னு எப்படிச் சொல்றது?’ என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிப் பேச வருகிறார்.